பேச்சு முந்தி, எழுத்து பிந்தி: கூட்டத்தில் நேரடிக் கேப்ஷன் போட்ட அனுபவம்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், மேடையில் பேசுகிறவரின் பேச்சைத் திரையில் எழுத்தாக ஓடவிடும் வேலை நீண்ட காலமாக என்னிடம்தான் இருக்கிறது. ஒரு மடிக்கணினி, மிக்சரிலிருந்து வரும் ஒரு கேபிள், ஒரு புரொஜெக்டர், உலாவியிலேயே இருக்கும் பேச்சறிதல் வசதி. அவ்வளவுதான் அமைப்பு. எத்தனை சொல் சரியாக வருகிறது என்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தெளிவாகப் பேசும் ஒருவர், நல்ல மைக், எதிரொலி இல்லாத ஒலி என்றால் படிக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். கூட்டத்தில் உண்மையில் தலைவலி கொடுப்பது தாமதம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒலி. மடிக்கணினியின் சொந்த மைக்கை நம்பாதீர்கள். அது பேச்சாளரின் குரலோடு ஸ்பீக்கர் சத்தத்தையும் சுவரில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்து வாங்கும். மிக்சரின் ஆக்ஸ் வெளியீட்டிலிருந்து பேச்சாளரின் மைக்கை மட்டும் எடுத்து, ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தாமதத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒலி கலங்கலாக இருந்தால் பேச்சறிதல் பொறி தன் ஊகத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்கும், வரி முடிவாக நேரம் பிடிக்கும்.

தாமதம் என்பது ஒரே தாமதம் இல்லை என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது. பேச்சறிதல் இரண்டு விதமாக எழுத்தைத் தரும். பேசப் பேசவே வருவது தற்காலிக எழுத்து. அடுத்த சொல்லைக் கேட்டதும் பொறி முந்தைய சொல்லை மாற்றக்கூடும். பேச்சாளர் கொஞ்சம் நிறுத்தியதும், இனி மாறாது என்று வருவது உறுதியான எழுத்து. எங்கள் கூட்டத்தில் தற்காலிக எழுத்து பொதுவாக ஒன்றிரண்டு விநாடிக்குள் வந்துவிடும். உறுதியான எழுத்து எப்போது வரும் என்பது பேச்சாளரைப் பொறுத்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சுவிடுகிறவர் என்றால் சட்டென்று வரும். "அதனால, அப்புறம், என்னன்னா" என்று ஒரே இழுப்பாகப் பேசுகிறவர் என்றால் பத்து விநாடிக்கு மேலும் ஆகும்.

அளப்பது சுலபம். பேச்சாளரின் வாயும் திரையும் ஒரே சட்டகத்தில் விழும்படி கைபேசியில் வீடியோ எடுங்கள். ஒரு சொல்லைச் சொல்லி முடித்த சட்டகத்துக்கும் அந்தச் சொல் திரையில் தோன்றும் சட்டகத்துக்கும் இடையில் எண்ணினால் போதும். விநாடிக்கு 30 சட்டகம் ஓடும் வீடியோவில் 45 சட்டகம் என்றால் ஒன்றரை விநாடி. பேச்சின் தொடக்கத்தில் ஒரு முறை, அரை மணி நேரம் கழித்து ஒரு முறை அளந்து பாருங்கள். ஒலி இணையம் வழியாகப் போய்த்தான் எழுத்தாகத் திரும்புகிறது என்பதால், இரண்டாவது அதிகமாக இருந்தால் பெரும்பாலும் இணைய இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அரங்கில் உள்ள எல்லோருடைய கைபேசியும் அதே வைஃபையில்தானே இருக்கும்.

தாமதத்தைக் குறைக்க நினைக்கும் எவரும் முதலில் செய்வது தற்காலிக எழுத்தை அப்படியே திரையில் காட்டுவது. பேச்சோடு கிட்டத்தட்ட ஒட்டி ஓடும், பார்க்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் அதைப் படித்துத்தான் பேச்சைப் பின்தொடர வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு அது தொல்லை. தமிழில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நம் வாக்கியத்தில் ஆமா இல்லையா என்பது கடைசியில்தான் தெரியும்.

ரத்த அழுத்தம் பற்றிய ஒரு பேச்சில் நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவர் சொன்னது, "அளவு சரியாயிடுச்சுன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது." திரையில் முதலில் "அளவு சரியா" என்று வந்தது. பிறகு "அளவு சரியாகிவிட்டது" என்று மாறியது. அடுத்து "நீங்களா மாத்திரையை நிறுத்த" வரை வந்து ஒரு கணம் நின்றது. அதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, நிறுத்தலாமாமே என்று சைகையில் சொல்லிவிட்டார். "கூடாது" வந்தபோது அவர் கண் திரையில் இல்லை. அந்த வாக்கியம் வந்த வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. அரைகுறையாக வந்ததுதான் ஆபத்து.

அதிலிருந்து பெரிய திரைக்கு வேறு விதி வைத்தேன். அடுத்தடுத்து வரும் இரண்டு தற்காலிக முடிவுகளில் ஒரே மாதிரி இருக்கும் முன்பகுதியை மட்டும் காட்டுவது, அதிலும் கடைசிச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்வது. "நிறுத்த" என்பது "நிறுத்தக்கூடாது" என்று ஒரே சொல்லாகவும் வளரலாம் என்பதால்தான் கடைசிச் சொல்லுக்குத் தனிக் காவல். உலாவிக்கான நிரலில் இதன் சாரம் இவ்வளவுதான்:

```
rec.lang = "ta-IN";
rec.continuous = true;
rec.interimResults = true;
rec.onend = () => rec.start();

function stable(prev, now) {
  const a = prev.split(" "), b = now.split(" ");
  let i = 0;
  while (i < a.length && i < b.length && a[i] === b[i]) i++;
  return b.slice(0, Math.max(0, i - 1)).join(" ");
}
```

முடிவு `isFinal` என்று வந்ததும் பிடித்து வைத்த சொல் உட்பட முழு வரியையும் காட்டிவிட வேண்டும். திரைக்கு வந்த சொல்லை உறுதியான வரி வரும்வரை பின்வாங்கக் கூடாது. வரி உடையும் இடத்தையும் ஒருமுறை முடிவானதும் மாற்றக் கூடாது. படித்துக்கொண்டிருக்கும் சொல் மேல்வரிக்குத் தாவினால் கண் தொலைந்துபோகும். இதனால் தாமதம் ஏறக்குறைய ஒரு விநாடி கூடுகிறது. தெரிந்தேதான் கூட்டினேன், படிக்கிறவர்களிடம் கேட்டபோது யாரும் பழையதைத் திரும்பக் கேட்கவில்லை.

யாரும் என்று சொன்னது சரியில்லை. செவிக்கருவி அணிந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்குக் குரல் ஓரளவு கேட்கிறது, விட்டுப்போன சொல்லை மட்டும் திரையில் தேடுகிறார்கள். மூன்று விநாடி கழித்து அந்தச் சொல் வரும்போது காதில் அடுத்த வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் மோதுகிறது. முழுக்கப் படித்தே பின்தொடர்கிறவருக்கு மூன்று விநாடி பெரிய விஷயம் இல்லை, எழுத்து மாறாமல் நின்றால் போதும். இந்த இரண்டு தேவையையும் ஒரே திரையில் தீர்க்க முடியாது என்பது என் தீர்மானம். இப்போது பெரிய திரையில் நிதானமான எழுத்து ஓடுகிறது. அரங்கின் உள்வலையில் ஒரு பக்கத்தைத் திறந்தால், கைபேசியில் தற்காலிக எழுத்து மங்கிய நிறத்திலும் உறுதியானது அடர்த்தியாகவும் வரும். வேண்டியவர்கள் அதை மடியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

மென்பொருளால் ஆனது இவ்வளவுதான். மீதித் தாமதத்தை அரங்கில் உள்ள மனிதர்கள்தான் சமாளிக்க வேண்டும், இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது.

ஸ்லைடு காட்டிப் பேசுகிறவர் "இந்தக் கோடு இங்க ஏறுது பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். எழுத்து வந்து சேரும்போது அந்தக் கோடு இருக்காது. அதனால் பேச்சாளரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "இந்த", "இங்க" என்பதற்குப் பதில் பெயரைச் சொல்லுங்கள், நீலக் கோடு என்று. ஸ்லைடை மாற்றும் முன் திரையைப் பார்த்து, எழுத்து நின்ற பிறகு மாற்றுங்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்வதை விட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் மெதுவாகப் பேசிவிட்டு எல்லோரும் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுவார்கள், நடுவில் பேச்சின் உயிர்தான் போகும். வாக்கியத்தின் முடிவில் நிறுத்துங்கள் என்றால் கேட்கிறார்கள். அந்த இடைவெளிதான் பொறிக்கும் வேண்டியது.

கேள்வி நேரத்தில் தாமதம் அநியாயமாகவே மாறிவிடும். "கேள்வி இருக்கா?" என்று அழைத்ததும் காது கேட்பவர்கள் கை தூக்கிவிடுவார்கள். திரையைப் படிப்பவருக்கு அந்த அழைப்பே மூன்று விநாடி கழித்துத்தான் வரும், அதற்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தும் ஆகிவிட்டிருக்கும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் இப்போது அழைத்ததும் அரங்கைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறார். தன் அழைப்பு எழுத்தாக வந்த பிறகுதான் கைகளைப் பார்க்கிறார். முதல் கேள்வியையும், திரையைப் படிப்பவர்கள் உட்காரும் முன்வரிசைக்கே கொடுக்கிறார். அரங்கிலிருந்து வரும் கேள்வியை மைக்கில் திரும்பச் சொல்வதும் அவர் வேலை, இல்லாவிட்டால் அது திரைக்கே வராது. நகைச்சுவைக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. அரங்கம் சிரித்து ஓய்ந்த பிறகு முன்வரிசை சிரிக்கும். சில பேச்சாளர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள், அவர்களை மறுபடியும் அழைக்கிறோம்.

இன்னொன்று, எழுத்து நிற்பது. உலாவியின் பேச்சறிதல் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாகவே நின்றுவிடும். மேலே `onend` வரி அதை மறுபடி தொடங்கத்தான். தொடங்கும் இடைவெளியில் சில சொற்கள் போய்விடும், அதைத் தடுக்க முடியவில்லை. படிக்கிறவருக்கு உள்ள சிக்கல் வேறு. திரை அசையாமல் இருந்தால் பேச்சாளர் நிறுத்தினாரா, பொறி நின்றதா, இணையம் போனதா என்று அவருக்குத் தெரியாது. ஒலி அளவு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது நான்கு விநாடியாகப் புது எழுத்து வரவில்லை என்றால், "பேச்சு தொடர்கிறது, எழுத்து வரவில்லை" என்று ஒரு வரி தானாகத் தோன்றும்படி செய்தேன். இந்த ஒரு வரிக்குக் கிடைத்த நன்றி வேறெதற்கும் கிடைக்கவில்லை.

இணையம் இல்லாத இடத்துக்கு விஸ்பர் போன்ற பேச்சறிதல் மாதிரியைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஓட்டலாம். ஆனால் அது 30 விநாடித் துண்டுகளை எடுத்து எழுதும்படி பழக்கப்பட்டது, ஓடும் பேச்சுக்காகச் செய்யப்பட்டதில்லை. நேரடியாகப் பயன்படுத்த, ஒலியைச் சிறு சிறு துண்டாகத் திரும்பத் திரும்பக் கொடுத்து, மேலே சொன்ன அதே ஒப்பிடும் விதியைப் போட வேண்டியிருக்கும். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் தாமதம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகும். கூட்டம் முடிந்த பிறகு பதிவிலிருந்து உரை எடுக்க அது நன்றாக உதவுகிறது.

ஒருவர் பேசும் கூட்டத்துக்கு இந்த அமைப்பை யோசிக்காமல் பரிந்துரைப்பேன். நான்கைந்து பேர் குறுக்கே பேசும் விவாதத்துக்கு மாட்டேன். யார் பேசியது என்பதே திரையில் தெரியாது, இரண்டு குரல் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் இரண்டும் போய்விடும். அப்படிப்பட்ட கூட்டங்களில் வேகமாகத் தட்டச்சு செய்யும் ஒருவரை உட்காரவைத்து, பேசுகிறவரின் பெயரோடு சுருக்கமாக அடிக்கச் சொல்கிறோம். அவருக்கும் தாமதம் உண்டு. ஆனால் தான் பின்தங்கும்போது கையை உயர்த்தி மேடையை நிறுத்த அவரால் முடிகிறது.