பச்சை, சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய்: பல வருடம் வாங்கிச் சமைத்ததில் தெரிந்துகொண்டவை

எங்கள் வீடு ஓசூரில். ஊரைச் சுற்றி பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திய பாலிஹவுஸ்கள் நிறைய. ரோஜாவும் ஜெர்பராவும் போலவே கலர் குடைமிளகாயும் இங்கே வளர்கிறது. அதனால் மூன்று நிறமும் வாரம் தவறாமல் கிடைக்கும், விளைவிப்பவர்களிடமே பேசிக் கேட்கவும் முடியும். பல வருடமாக மூன்றையும் மாற்றி மாற்றி வாங்கிச் சமைத்து வருகிறேன். எதை எதற்கு வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பச்சைதான் மஞ்சளாகி, மஞ்சள்தான் சிவப்பாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பச்சை என்பது காய்ப் பருவம். சிவப்பும் மஞ்சளும் பழம். சிவப்பு ரகத்தின் பிஞ்சும் பச்சை, மஞ்சள் ரகத்தின் பிஞ்சும் பச்சை. இந்தப் பக்கம் பாலிஹவுஸில் பரவலாகப் போடும் ரகங்களில் பாம்பி சிவப்பாகப் பழுக்கும், ஒரோபெல் மஞ்சளாகப் பழுக்கும். இந்திரா பச்சையாகவே பறித்து விற்பதற்கான ரகம், ஆனால் செடியில் விட்டால் அதுவும் சிவந்துவிடும். ஆகவே பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் இருப்பது வயது வித்தியாசம். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் இருப்பது ரக வித்தியாசம். இனிப்பு, சத்து, விலை மூன்றையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பழுக்கும்போது என்ன நடக்கிறது? காயின் தோலில் இருக்கும் பச்சையம் சிதைந்து மறைய, கரோட்டினாய்டு நிறமிகள் சேர ஆரம்பிக்கின்றன. சிவப்பு ரகத்தில் வயலாசாந்தின் போன்ற மஞ்சள் நிறமிகளைக் காப்சாந்தின் போன்ற சிவப்பு நிறமிகளாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. மஞ்சள் ரகத்தில் அந்த நொதி வேலை செய்வதில்லை, அதனால் நிறம் மஞ்சளோடு நின்றுவிடுகிறது. இதே நாட்களில் இலைகள் செய்யும் சர்க்கரையும் காய்க்குள் வந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் சர்க்கரை சுமார் 2.4 கிராம், சிவப்பில் சுமார் 4.2 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆனால் நாக்கில் தெரியும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. காரணம் வாசனை. பச்சைக் குடைமிளகாயை நறுக்கியதும் மூக்கில் ஏறும் அந்தப் பச்சை வாசம் மெதாக்சிபைரசின் வகைச் சேர்மம் ஒன்றால் வருகிறது. தண்ணீரில் ஒரு லட்சம் கோடியில் இரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும், அவ்வளவு வீரியமான வாசனை. காய் பழுக்கப் பழுக்க இது குறைந்துபோகிறது. வாசமும் இளங்கசப்பும் விலகிக்கொள்வதால்தான் சிவப்பின் இனிப்பு நாக்குக்குத் தடையில்லாமல் வந்து சேருகிறது. மஞ்சளும் பழுத்ததுதான், அதனால் இனிப்பு உண்டு. என் வாய்க்கு மஞ்சள் கொஞ்சம் மென்மை, சிவப்பு அழுத்தமான ருசி.

காய் நிலைக்கு வந்ததும் பறித்துவிட்டால் செடி உடனே அடுத்த காய்க்குப் போகும். நிறம் திரும்பும்வரை விட்டால் இன்னும் சில வாரம் அதே காயைச் செடி சுமக்க வேண்டும். அதுவரை புதுப்பூ நிற்பது குறையும், மொத்த விளைச்சலும் குறையும். பூச்சி, வெயில் படாமல் அத்தனை நாள் காப்பாற்றுவதும் செலவு. கலர் குடைமிளகாய் பச்சையைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை விற்பது இதனால்தான்.

சரி, பச்சையை வாங்கி வீட்டில் பழுக்க வைத்தால் என்ன? மா, வாழை போல இது நடக்காது. வாழைக்காயில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது, பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறும். குடைமிளகாயில் அப்படிப் பெரிய சேமிப்பு கிடையாது. முழுப் பச்சையாக இருப்பதை வெளியே வைத்தால் பெரும்பாலும் சுருங்கத்தான் செய்யும். ஆனால் பச்சையில் சிவப்புத் தீற்றல் விழுந்த காய்கள் சந்தையில் வரும். கூடையில் ஓரமாக ஒதுக்கியிருப்பார்கள், கலர் விலையும் இருக்காது. அவற்றை அடுக்களை மேடையில் விட்டுவைத்தால் சில நாளில் நிறம் முழுதாகத் திரும்பிவிடும். இனிப்பு மட்டும் செடியிலேயே பழுத்ததன் அளவுக்கு வராது. நான் இவற்றை விரும்பி வாங்குவேன். சாம்பாருக்கும் குருமாவுக்கும் தாராளமாகப் போதும்.

சத்து விஷயத்தில் ‘சிவப்புதான் எல்லாவற்றிலும் மேல்’ என்று சொல்வது பாதி உண்மை. வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அட்டவணையில் 100 கிராமுக்குப் பச்சையில் சுமார் 80 மில்லிகிராம், சிவப்பில் 128, மஞ்சளில் 184. ரகம், பருவத்தைப் பொறுத்து இந்த எண்கள் ஏறி இறங்கும். இந்தியாவில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்கு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். அதாவது ஒரு பச்சைக் குடைமிளகாயைச் சமைக்காமல் சாப்பிட்டாலே அன்றைய தேவை முடிந்தது.

வைட்டமின் ஏ-யில் கதை தலைகீழ். 100 கிராம் சிவப்பில் 157 மைக்ரோகிராம், பச்சையில் 18, மஞ்சளில் வெறும் 10. மஞ்சள் நிறம் என்றாலே காரட் மாதிரி கண்ணுக்கு நல்லது என்று எண்ணி வாங்குகிறவர்களுக்கு இதை அவசியம் சொல்வேன். மஞ்சளில் இருக்கும் வயலாசாந்தின், லூட்டீன் போன்ற நிறமிகளை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றாது. சிவப்பிலும் அந்தச் செக்கச்செவேல் நிறத்தைத் தரும் காப்சாந்தின் வைட்டமின் ஏ ஆகாது. அதோடு கூடவே சேரும் பீட்டா கரோட்டீன் போன்றவைதான் ஆகின்றன.

விலையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பச்சை கிலோ 60 ரூபாய், கலர் 180 ரூபாய் என்று விற்கும் ஒரு நாளை வைத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சை 6 ரூபாய், கலர் 18 ரூபாய். ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் வைட்டமின் சி பச்சையில் 13 மில்லிகிராம், மஞ்சளில் 10, சிவப்பில் 7. ஆக வைட்டமின் சி-க்காக என்றால் பச்சையே லாபம். ஒரு ரூபாய்க்கு வைட்டமின் ஏ பார்த்தால் சிவப்பில் கிட்டத்தட்ட 9 மைக்ரோகிராம், பச்சையில் 3, மஞ்சளில் ஒன்றுகூட இல்லை. ஆனால் வைட்டமின் ஏ-க்காக மட்டுமே சிவப்பு வாங்க வேண்டியதில்லை. 100 கிராம் காரட்டில் 800 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது, விலையும் குறைவு. சிவப்புக் குடைமிளகாயை ருசிக்காக வாங்குங்கள்.

இதனால் என் சமையலில் வேலை பிரித்தாகிவிட்டது. கடாய் பனீர், ஃப்ரைட் ரைஸ், உருளைக்கிழங்கோடு பொரியல், பஜ்ஜி என்றால் பச்சைதான். மசாலாவை எதிர்த்து நிற்க அந்தப் பச்சை வாசம் வேண்டும். கலர் போட்டால் பார்க்க அழகு, ஆனால் கடாய் பனீரில் குடைமிளகாய் இருக்கும் அடையாளமே தெரியாது. மஞ்சளைச் சமைக்க மாட்டேன். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்துவிட்டு வேகவைப்பதில் அர்த்தமில்லை. வெள்ளரி, வெங்காயத்தோடு நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் போதும், பிள்ளைகள் அப்படியே கடித்தும் தின்பார்கள். சிவப்புக்கு மட்டும் நெருப்பும் எண்ணெயும் உகந்தது. கரோட்டீன் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

சிவப்பில் நான் அடிக்கடி செய்வது சுட்ட சட்னி. முழுக் காயை அடுப்புத் தணலில் திருப்பித் திருப்பித் தோல் கருகும்வரை சுட்டு, பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். ஆவியில் தோல் தளர்ந்து கையாலேயே உரிந்து வரும். தண்ணீரில் கழுவாதீர்கள், ருசி அதோடு போய்விடும். காம்பும் விதையும் நீக்கி, நல்லெண்ணெயில் வறுத்த காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு, புளியோடு அரைத்துக் கடுகு தாளித்தால் முடிந்தது. தக்காளிச் சட்னிக்கு வைக்கும் அளவைவிடப் புளி கொஞ்சம் தூக்கலாக வேண்டும். இந்தக் காயில் இனிப்பு உண்டு, புளிப்பு இல்லை. காரமும் கிடையாது, குடைமிளகாயில் காரத்தைத் தரும் காப்சைசின் உருவாவதில்லை. அதனால் காய்ந்த மிளகாயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம், கடையில் தேர்ந்தெடுப்பது. நான் முதலில் பார்ப்பது காம்பு. பச்சையாக, விறைப்பாக இருந்தால் பறித்து அதிக நாளாகவில்லை. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் தோல் எவ்வளவு பளபளத்தாலும் நம்பாதீர்கள், மெழுகு பூசியும் பளபளக்க வைக்கலாம். காம்பைச் சுற்றியுள்ள குழியில் ஈரமோ கருப்போ இருந்தால் உள்ளே பூஞ்சை போயிருக்கும், வெட்டினால் விதைகள் பழுப்பாக இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்ற கனம் வேண்டும். அடியில் பழுப்பாகக் குழிந்திருந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் நுனி அழுகல். ஒரு பக்கம் மட்டும் வெளுத்துக் காகிதம் போலிருந்தால் வெயில் சுட்டது, அந்த இடம் சீக்கிரம் அழுகும். மூன்று நிறத்தையும் சேர்த்துச் சுற்றி விற்கும் பொட்டலங்களில் இவை எதையும் பார்க்க முடியாது. அப்படி வாங்கியதில் சிவப்பு மட்டும் அடியில் நசுங்கி இருந்தது பலமுறை நடந்திருக்கிறது, அதனால் உதிரியாகவே வாங்குகிறேன்.

அடியில் நான்கு முண்டு இருந்தால் பெண், இனிப்பு, மூன்று இருந்தால் ஆண், சமையலுக்கு என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காயில் ஆண், பெண் கிடையாது. முண்டுகளின் எண்ணிக்கை ரகத்தையும் வளர்ந்த சூழலையும் பொறுத்தது. இனிப்பு வேண்டுமென்றால் நிறம் எவ்வளவு முழுதாகத் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். தோள்பட்டைப் பகுதியில் பச்சைத் தீற்றல் மிச்சம் இருக்கும் சிவப்பு, முழுச் சிவப்பு அளவுக்கு இனிக்காது.

வீட்டில் கழுவாமல், ஈரமில்லாமல், துணிப்பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கிறேன். உறைபெட்டிக்கு ஒட்டிய மேல்தட்டில் வைத்தால் பச்சைக் காயின் தோலில் சின்னச் சின்னக் குழிகள் விழும், அது குளிர் தாக்கியது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே அதிக நாள் இருந்தால் அப்படி ஆகும். பச்சை ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும், பழுத்தவை சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும். அதனால் சந்தையிலிருந்து வந்ததும் கலர் இரண்டையும் முதல் மூன்று நாளுக்குள் முடித்துவிட்டு, பச்சையை வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.