'காட்டன்' என்று 2,500 ரூபாய்க்கு அக்ரிலிக்: பிள்ளைக்குப் போர்வை பின்னுகிறவங்க உஷார்

நேத்து மதியம் இஸ்திரிப் பெட்டி பட்டதும் போர்வையின் ஒரு மூலை துவண்டு, பளபளன்னு பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுச்சு. காட்டன் அப்படி ஆகவே ஆகாது. கீழக்கரைக்குக் கூரியரில் வந்த நூல். 50 கிராம் பந்து 240 ரூபாய், 10 பந்து, கூரியர் 100. மொத்தம் 2,500.

படம் போட்டு வாட்ஸ்அப்பில் விற்கிற ஆன்லைன் நூல் கடை. "மில்க் காட்டன்னா காட்டன்தானே?" என்று கேட்டதுக்கு, "நூறு சதவீதம்க்கா, என் தங்கச்சி பிள்ளைக்கே இதுலதான் பின்னுனேன்" என்று குரல் பதிவு வந்தது. அந்தக் குரலை நம்பித்தான் பணம் போனது. மில்க் காட்டன் என்ற பேரில் வருவதில் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை கலந்திருக்கும். பேரில் இருக்கிற காட்டன் நூலில் இருக்கணும்னு இல்லை.

முதல் துவைப்பிலேயே தெரிஞ்சிருக்கணும். நம்ம கடற்காத்தில் அரைக் கிலோ காட்டன் போர்வை தண்ணியை உறிஞ்சிக் கனத்து, காய ஒரு நாள் எடுக்கும். இது மதியத்துக்குள்ள காஞ்சுடுச்சு. இஸ்திரி பட்ட பிறகு ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தேன்: உருகிச் சொட்டி, நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாச்சு. காட்டன் காகிதம் மாதிரி எரிஞ்சு மெல்லிய சாம்பலாகும். கம்பளின்னா முடி கருகுற நாத்தம் அடிக்கும், மணி தூளாகும்.

அக்ரிலிக்கை நான் திட்டலை. துவைக்கச் சுலபம், சுருங்காது. ஆனா வியர்வையை இழுக்காது, இந்தப் புழுக்கத்துக்கு ஆகாது, சூடு பட்டா திரும்பாது. பிள்ளைத் துணியை அடிக்கடி வெந்நீரில் அலசணும்னுதான் காட்டன் கேட்டதே. மெரினோ கம்பளி மெத்துன்னு இருக்கும், ஆனா சுருங்காம இருக்கப் பதப்படுத்தாத, அதாவது சூப்பர்வாஷ் இல்லாத கம்பளியை வெந்நீரில் கசக்கினா இழைச் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கிட்டு சுருங்கித் தடிச்சுப் போகும். அதனால்தான் அதைத் தொடலை. உள்ளூரில் உல்லன் நூல்னு விற்பதும் பெரும்பாலும் அக்ரிலிக்தான், ஆனா விலை பாதிகூட வராது.

புகார் சொன்னதும், "உங்க உப்புத் தண்ணிதான்க்கா காரணம்" என்றார்கள். உப்புத் தண்ணி சோப்பை நுரைக்க விடாது, துணியை விறைப்பாக்கும். நூலை உருக்குமா? அடுத்து, "பந்தைப் பிரிச்சா ரிட்டர்ன் இல்லை." அப்புறம் வெறும் நீல டிக். 2,500 ரூபாய், ஆறு வாரப் பின்னல்!

எந்த நூல் வாங்கலாம்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பந்தைச் சுத்தியிருக்கிற பட்டையில் கலவை சதவீதம் போடாத நூலை வாங்காதீங்க. முதலில் ஒரே பந்து வாங்கி, தட்டு மேல் இடுக்கியில் பிடிச்சு ஒரு இழையைக் கொளுத்துங்க, பக்கத்தில் தண்ணி இருக்கட்டும். கையகலத் துண்டு பின்னி, வெந்நீரில் அலசி, ஈரத்தோடு இஸ்திரி போட்டு அளந்து பாருங்க. சரியா வந்தா, நிறம் மாறாம இருக்க மிச்சத்தைப் பட்டையில் ஒரே சாய எண் இருக்கிற பந்துகளா வாங்குங்க.

இன்னைக்குக் காலையும் அதே கடை அதே படத்தைப் போட்டிருக்கு: "மில்க் காட்டன், பேபி சாஃப்ட், புது நிறங்கள்."