பில் தேதியிலிருந்து 30, 60, 90: ஆறு ஆண்டு ஏஜிங் அறிக்கையுடன் நான்

2024 ஜூலை 1 காலை. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டுவது ஏஜிங் அறிக்கை. முந்தைய நாள் முடித்த அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "60,000 பாக்கி கெடு தாண்டி நிற்கிறது, எப்போது அனுப்புவீர்கள்?" என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "மே 18 தேதியிட்ட பில், 45 நாள் கெடு. நாளைதான் கடைசி நாள். அதற்குள் தாண்டிவிட்டது என்கிறீர்களே, சார்?"

அவர் சொன்னது சரி. மே 18இலிருந்து ஜூன் 30 வரை 43 நாள். அதனால் என் அறிக்கை அந்த பில்லை 31-60 பிரிவில் போட்டிருந்தது. அந்தப் பத்தியின் தலைப்பிலோ 'கெடு தாண்டியவை' என்று நானே எழுதி வைத்திருந்தேன். எக்செல் செய்த கணக்கில் பிழை ஏதும் இல்லை, தலைப்புதான் பொய். பில் தேதியிலிருந்து எண்ணும்போது கிடைப்பது பில்லின் வயது. அது கெடு தாண்டிய நாட்களின் எண்ணிக்கை ஆகாது. ரொக்கத்துக்கே விற்றால் இரண்டும் ஒன்றுதான். 30 நாள் கடன் என்றால் 31-60 பிரிவில் இருப்பது ஒரு நாளிலிருந்து 30 நாள் வரை தாமதம். 45 நாள் கடனுக்கு அதே பிரிவில் பாதி பில்கள் நியாயமாகவே காத்திருப்பவையாக இருக்கும்.

பிறகு ஏன் இன்னமும் பில் தேதியையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்? கெடு தேதியை வைத்து ஓர் ஆண்டு முழுக்க ஓட்டிப் பார்த்தேன். விற்பனைப் பிரிவில் யாராவது "அவருக்கு இன்னும் 15 நாள் கொடுத்துவிடுங்கள்" என்றால் போதும், கெடு தேதி நகரும். அன்றே அந்த பில் அறிக்கையில் இளமையாகிவிடும். சில வாடிக்கையாளர்களுக்குக் கடன் நாட்களே பதிவாகியிருக்காது. பில் தேதி அப்படி நகராது. நம் பணம் எத்தனை நாளாக வெளியே கிடக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்வது அதுதான். ஆகவே பிரிப்பது பில் தேதியில், தொலைபேசியை எடுப்பது கெடு தேதியில். வயதுக்கு ஒரு பத்தி, கெடு தாண்டிய நாட்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி என்று வைத்த பிறகு அந்த ஜூலை 1 போன்ற சங்கடம் திரும்பவில்லை.

தாள் எளிமையானது. B பத்தியில் பில் தேதி, F பத்தியில் வயது, G பத்தியில் பிரிவு. அறிக்கை எந்த நாளுக்கானதோ அந்த நாள் H1 கட்டத்தில்.

```
F2:  =$H$1-B2
G2:  =IF(F2<=30,"0-30",IF(F2<=60,"31-60",IF(F2<=90,"61-90","90+")))
```

H1இல் முதல் ஆண்டு `TODAY()` போட்டிருந்தேன். ஜூன் மாத அறிக்கையைத் தணிக்கையாளர் ஆகஸ்டில் திறந்தபோது 90+ தவிர மற்ற எல்லா பில்களும் ஒரு பிரிவாவது முன்னே நகர்ந்திருந்தன. இப்போது தேதியைக் கையால் அடிக்கிறேன். அத்துடன் வேலை முடிந்துவிடாது: பழைய நாளுக்கான அறிக்கையைப் புதிதாக எடுத்தால், அந்த நாளுக்குப் பிறகு வந்த வரவுகளைக் கழிக்காத பாக்கியைத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயது ஜூன் 30க்கும் தொகை ஆகஸ்டுக்கும் பொருந்துகிற கலப்படம் கிடைக்கும்.

தேதி விடுபட்ட வரியைக் கண்டுபிடிப்பது சுலபம். காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்வதால் 2024 ஜூன் 30 அறிக்கையில் அதன் வயது 45,473 நாள் என்று வரும். நூற்றாண்டைத் தாண்டிய பாக்கி எங்கள் நிறுவனத்தில் கிடையாது. ஆனால் G பத்தியை மட்டும் பார்ப்பவருக்கு அது சாதாரண 90+ ஆகவே தெரியும். நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகள் இதைவிட மோசம். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது.

என்னை அதிகம் ஏமாற்றியது இவை எதுவும் இல்லை, எந்த பில்லுக்கு என்று குறிக்காமல் வந்த பணம். மேலே சொன்ன அதே வாடிக்கையாளரின் ஜூன் 30 கணக்கையே பாருங்கள். ஜூன் 10 பில் 40,000, வயது 20 நாள். மே 18 பில் 60,000, 43 நாள். ஏப்ரல் 22 பில்லில் ஒரு பகுதி வந்தது போக 30,000, 69 நாள். மார்ச் 25 பில் 15,000, 97 நாள். இவற்றுடன் ஜூன் 5 அன்று வங்கியில் வந்து, எந்த பில்லிலும் கழிக்கப்படாமல் நின்ற 25,000. அந்த வரவுக்கும் ஒரு தேதி உண்டு என்பதால் சூத்திரம் அதையும் 25 நாள் வயதுள்ளதாக எண்ணி, 0-30 பிரிவில் கழித்துவிட்டது. அங்கே 40,000க்குப் பதில் 15,000 தெரிந்தது. 61-90இல் 30,000, 90+இல் 15,000. மொத்தம் 1,20,000.

இரண்டு நாள் கழித்து அவர்கள் அனுப்பிய விவரத்தாளைப் பார்த்தால், அந்த 25,000இல் 15,000 மார்ச் பில்லுக்கு, மீதி 10,000 ஏப்ரல் பில்லுக்கு. உரிய இடத்தில் கழித்ததும் 90+ காலியாகிவிட்டது. 61-90 20,000 ஆக இறங்கியது. 0-30 மீண்டும் 40,000 ஆனது. மொத்தம் அதே 1,20,000. மொத்தம் பேரேட்டுடன் ஒத்துப்போகிறது என்று பார்த்துத் திருப்தி அடைகிறவருக்கு இந்தத் தவறு கடைசிவரை தெரியாது. 90 நாளைத் தாண்டிய தொகைக்கு வாராக்கடன் ஒதுக்கீடு வைப்பவராக இருந்தால், கையில் வந்துவிட்ட பணத்துக்கே நஷ்டம் எழுதியிருப்பார். இப்போது அறிக்கையைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது கழித்தல் குறியுள்ள வரிகளை. அவற்றைப் பிரிவுகளில் கலக்காமல், 'கழிக்கப்படாத வரவு' என்று தனிப் பத்தியில் நிறுத்துகிறேன். கிரெடிட் நோட்டுகளும் எந்த பில்லுக்கு என்று தெரியும்வரை அங்கேதான்.

பில் தேதி நகராது என்று மேலே சொன்னேன். அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. விலாசமோ ஆர்டர் எண்ணோ தவறு என்று வாடிக்கையாளர் சொல்ல, பழைய பில்லை ரத்து செய்து புதிதாகப் போடுவோம். 80 நாள் வயதான பாக்கி மறுநாளே 0-30இல் வந்து உட்கார்ந்துவிடும். சில வாடிக்கையாளர்களுக்கு இந்தத் தவறு சரியாக 80ஆவது நாளில்தான் கண்ணில் படுகிறது என்பது வேறு கதை. அதற்காக 'முதல் பில் தேதி' என்று ஒரு பத்தி சேர்த்தேன். மாற்று பில் என்றால் வயதை அந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறேன். கெடுவை மட்டும் புதிய தேதியிலிருந்து. தவறு எங்களுடையது என்றால் கெடு விஷயத்தில் வாதாட முடியாது. ஆனால் பணம் எத்தனை நாளாக வெளியே இருக்கிறது என்பதை அந்தத் தவறு மாற்றிவிடவில்லை.