கொடைக்கானலா, தெப்பக்குளமா?

பிள்ளைகள் வெளியூர் போனபின் கணவன் மனைவிக்குள் பழைய நெருக்கம் திரும்ப, இரண்டு யோசனைகள் அடிக்கடி காதில் விழும். கொடைக்கானலில் ரெண்டு நாள் தங்கிவிட்டு வருவது ஒன்று; தினமும் சாயங்காலம் சேர்ந்து நடப்பது மற்றொன்று.

மதுரை அனுப்பானடியில் எனக்குத் தெரிந்த தம்பதி முதலில் கொடைக்குத்தான் போனார்கள். அவருக்கு 61, அந்த அக்காவுக்கு 56. துணி அடுக்கியது, புளியோதரை கட்டியது, மாத்திரை எடுத்து வைத்தது எல்லாம் அக்கா. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, மலைப்பாதையும் சேர்த்து நாலு மணி நேரம். அறைக்குப் போனதும் அவர் கேட்டது, "இந்தா, பையன் போன் பண்ணினானா?" ராத்திரி என்றால் இன்னொரு சங்கடம்: இவ்வளவு செலவழித்து வந்தாச்சே, ஏதாவது நடந்தாக வேண்டுமே என்று இருவருக்குமே ஒரு நெருக்கடி. மாதவிடாய் நின்றபின் பெண்ணுறுப்பு வறண்டு, சேரும்போது வலிப்பது சாதாரணம். அதைச் சொல்லாமல் அக்கா திரும்பிப் படுத்தார். தன்னை வேண்டாமென்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதில் இந்த நெருக்கடி கிடையாது. ஒரு பக்கம் ஏறக்குறைய 1,000 அடி. ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது, சொல்லத் தயங்கிய விஷயம் சுலபமாக வாய்க்கு வரும். அந்த வலியைப் பற்றி அக்கா சொன்னதும் இப்படி ஒரு சுற்றில்தான். மகப்பேறு மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போனார்கள். வழுக்குக் களிம்பும், தேவைப்பட்டால் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் இருக்கின்றன என்பது அவருக்கு அன்றுதான் தெரியும்.

நடையும் கெட்டுப்போகும். அவர் பத்தடி முன்னால் போவார். அல்லது பேச்சு கரண்ட் பில்லிலும் மருமகளிலும் போய் நிற்கும். பிள்ளைகள் பேச்சு இரண்டாம் சுற்றில்தான் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். முதல் ஒரு வாரம் முதல் சுற்று மௌனமாகவே போனதாம். போகட்டும், அது பரவாயில்லை.

பழகிய நடைக்கு ஒரு குறை, சீக்கிரமே கடமையாகிவிடும். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளைக் கையும் காலும் சேர்த்துக் கட்டி, தலையணை உருளை ஒன்றைக் கையால் தொடாமல் உடம்பால் தாங்கியபடி தவழ்ந்து கடக்கச் சொன்னார்கள். பழக்கமான எளிய வேலை செய்த தம்பதிகளைவிட, இப்படிப் புதிதாக ஒன்றைச் சேர்ந்து செய்தவர்களுக்குத் தங்கள் உறவில் திருப்தி கூடியிருந்தது. ஊர் மாற்றுவதைவிட இருவரும் புதியவராக நிற்கும் வேலைதான் இங்கே கணக்கு என்று எனக்குப் படுகிறது. கொடையில் அவர் டிவி பார்க்க, அக்கா டீ போட்டால் அதில் புதுசு என்ன இருக்கிறது?

அதனால் என் ஓட்டு முதலில் நடைக்கு. பேச்சு தடையில்லாமல் வர ஆரம்பித்தபின் கொடை. அப்போது பெட்டி கட்டுவது அவர் வேலை. இருவருக்கும் தெரியாத ஏதாவதொன்று, ஏரியில் தாங்களே துடுப்புப் போடுவது மாதிரி, கட்டாயம் இருக்கட்டும். ராத்திரிக்கு எந்தத் திட்டமும் வேண்டாம்.