ஜவுளிக்கடை கிரெடிட் நோட்: ஒரே பில்லா, மீதி வைப்பதா?

1,850 ரூபாய் சேலையைத் திருப்பித் தந்து, பணத்துக்குப் பதில் கிரெடிட் நோட் வாங்கியவர், அந்த நோட்டில் 1,400-க்குச் சுடிதார் எடுக்கிறார். மீதி 450? நோட்டில் அச்சிட்ட "நிபந்தனைக்கு உட்பட்டது" என்ற வரி இதற்குப் பதில் சொல்லாது, கல்லாவில் சண்டைதான்.

ஒரே பில்: "ஒரே பில்லில் பயன்படுத்தவும். மீதி கிடைக்காது." கணக்கு சுலபம், மனக்கசப்பு அதிகம்.

மீதி வைப்பது: "மீதிக்குப் புது நோட் தருவோம், பணமாகத் தர மாட்டோம். பழைய கடைசித் தேதியே பொருந்தும்." கடைசி வாக்கியம் விட்டுப்போனால், ஒவ்வொரு புது நோட்டிலும் தேதி நீண்டுகொண்டே போகும்.

எதுவானாலும் "6 மாதம்" வேண்டாம். எந்த நாளிலிருந்து என்பார்கள். "31.03.2027 வரை, அன்றும் செல்லும்" என்று அச்சிடுங்கள்.

கடை இலவசமாகத் தரும் பண்டிகைக் கூப்பனுக்கு முதல் வகை போதும். திருப்பிய சேலைக்கு இரண்டாவதுதான். அது அவர் கொடுத்த காசு.