பழைய அச்சுப் பக்கங்கள்: இணையச் சேவையா, டெசராக்டா?

பெரம்பூர் ஆலைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் பாதுகாத்து வைத்திருந்த 1960-களின் சங்க மலர் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டேன். வந்தது புத்தகம் இல்லை, போனில் எடுத்த படங்கள். தையல் ஓரம் வளைந்து, பாதிப் பக்கம் நிழலில் இருந்தது. படங்களை வாட்ஸ்அப்பில் ஃபைலாக, அதாவது டாக்குமென்ட்டாக, அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் புள்ளிகள் கரைந்துவிடும்.

படத்தில் உள்ளதை எழுத்தாக்க இரண்டு வழிகளைப் பார்த்தேன். படத்தை ஏற்றினால் எழுத்தைத் தரும் இலவச இணையச் சேவை ஒன்று, நம் கணினியிலேயே ஓடும் டெசராக்ட் என்ற மென்பொருள் இன்னொன்று. வேகம், வசதி, மங்கலான படத்தைத் தாங்கும் திறன் எல்லாவற்றிலும் இணையச் சேவைதான் முன்னால் நிற்கிறது. ஆனாலும் நான் டெசராக்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணம், பிழை திருத்தும் வேலை.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை போன்றவை வேறு வடிவில் இருக்கும். மலரில் ‘போனஸ் பெறாத தொழிலாளர்’ என்று ஒரு வரி. அதில் றா பழைய சுழியோடு இருந்தது. இணையச் சேவை அதை ‘போனஸ் பெற்ற தொழிலாளர்’ என்று தந்தது. வாசிக்கும்போது எதுவும் உறுத்தாது, பொருள் மட்டும் தலைகீழ். டெசராக்ட் ‘பெறத’ என்று தந்தது. அப்படி ஒரு சொல் இல்லை, அதனால் கண் உடனே அங்கே நின்றது. மொழிபெயர்ப்பாளருக்கு ஆபத்து உடைந்த சொல்லில் இல்லை, சரியாகத் தோன்றும் தவறான சொல்லில்தான்.

அப்புறம், டெசராக்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் தன் நம்பிக்கையை எண்ணாகத் தருகிறது:

```
tesseract pakkam.png pakkam -l tam --psm 6 tsv
```

`--psm 6` படத்தை ஒரே பத்தியாக எடுத்துக்கொள்ளும். இரண்டு பத்தி அச்சென்றால் முதலில் படத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். கிடைக்கும் கோப்பில் `conf` என்ற நெடுவரிசையில் எண் 70-க்குக் கீழே உள்ள சொற்களைப் படத்தோடு ஒப்பிடுகிறேன். 70 என்பது என் கணக்கு, உங்கள் படத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். சொல் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதே வரியில் இருப்பதால் தேடி அலைய வேண்டியதில்லை.

இதுவும் முழுக் காப்பு இல்லை. டெசராக்டும் சில நேரம் உயர்ந்த எண்ணோடு தவறாகப் படிக்கும். பெயர், தேதி, தொகை மூன்றையும் எண் என்ன சொன்னாலும் படத்தில் பார்த்துவிடுகிறேன். ‘இல்லை’, ‘-ஆத’, ‘-ஆமல்’ போன்ற எதிர்மறைச் சொற்களும் அப்படித்தான். தமிழ் எண்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை; ௧ க-வாகவும், ௭ எ-யாகவும் எளிதில் மாறிவிடும்.

நான் பார்த்தது அச்சுப் பக்கங்கள் மட்டும். சங்க மினிட் புத்தகம் போலக் கையால் எழுதியது என்றால் டெசராக்ட் அதற்கானது இல்லை. அங்கே நானே பார்த்துத் தட்டச்சு செய்கிறேன்.