ஸ்டேண்டாஃப் குறைவது மோசமா, கூடுவது மோசமா?

மதர்போர்டுக்கும் கேபினெட் தகட்டுக்கும் நடுவே நிற்கும் ஸ்டேண்டாஃப் என்ற பித்தளைக் கால்களை மறந்தால் ஷார்ட் ஆகும் என்று எல்லோருமே சொல்வார்கள். ஆனால் இதில் மூன்று விதமான தவறுகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே அளவுக்கு மோசம் இல்லை.

ஒரு கால்கூட மாட்டாமல் போர்டை நேராகத் தகட்டில் முடுக்குவதுதான் பார்க்கப் பயங்கரம். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சாலிடர் முனைகள் எல்லாம் கிரவுண்டான தகட்டில் உட்கார்ந்துவிடும். ஆனால் போர்டு கிட்டத்தட்ட 6 மி.மீ. உள்ளே இறங்கிவிடுவதால் பின்பக்க யுஎஸ்பி, லேன் துளைகள் பொருந்தாது, கிராபிக்ஸ் கார்டும் சரியாக உட்காராது. பவர் கொடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் தவறு தெரிந்துவிடும்.

ஒன்றிரண்டு கால் மட்டும் விட்டுப்போனால் பல நேரம் ஒன்றும் ஆகாது. விட்டது 24 பின் கனெக்டர் இருக்கும் ஓரத்தில் என்றால் கதை வேறு: கேபிளை அழுத்திச் செருகும்போது போர்டு வளையும், அடியில் முட்டவும் செய்யலாம்.

என்னைக் கேட்டால் அதிகமாக இருக்கும் கால்தான் உண்மையான வில்லன். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைக் கழற்றிவிட்டு அதே கேபினெட்டில் ஏடிஎக்ஸ் போர்டு போடுகிறீர்கள் என்று வையுங்கள். மேல் வரிசைகள் பெரும்பாலும் பொதுவானவை, கீழ் வரிசை மட்டும் இடம் மாறும். பழைய கீழ்வரிசைக் கால்களை எடுக்காவிட்டால் புது போர்டில் அந்த இடத்தில் துளையே இருக்காது, பிசிஐ ஸ்லாட் பக்கத்து சாலிடர் மேலேயே பித்தளை முட்டும். பின்பக்கத் துளைகளெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் என்பதால் சந்தேகமே வராது.

அறிகுறியும் முட்டிய இடத்தைப் பொறுத்ததுதான். 12 வோல்ட் போன்ற சப்ளை லைன் முட்டினால் ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது, பின் சுவிட்சை அணைத்துச் சற்று விட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். சிக்னல் லைன் என்றால் ஃபேன் ஓடும், டிஸ்ப்ளே வராது, அல்லது ஒரு ஸ்லாட் மட்டும் வேலை செய்யாது. சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ரேம் மட்டும் போட்டு ஓட்டுங்கள். (ப்ராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும்.) வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் முதலில் கால்களைப் பாருங்கள்.

மாட்டும்போது போர்டின் துளைகளை எண்ணுங்கள், வழக்கமான ஏடிஎக்ஸில் 9. அத்தனை கால்தான் தகட்டில் இருக்க வேண்டும், மிச்சத்தைக் கழற்றிவிடுங்கள். போர்டை வைத்தபின் ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடித்தால் பித்தளை மரை தெரிய வேண்டும். எல்லா ஸ்க்ரூவையும் பாதி முடுக்கிவிட்டு அப்புறம் இறுக்குங்கள். காகித வாஷர் தேவையில்லை. துளையைச் சுற்றியுள்ள உலோக வளையம் பெரும்பாலான போர்டுகளில் கிரவுண்டுதான், பித்தளை அதைத் தொடலாம். தகட்டில் துளை இல்லாத இடத்துக்கு, அடி தட்டையான பிளாஸ்டிக் கால் போட்டால் முட்டுக் கொடுக்கும், ஷார்ட்டும் ஆகாது.